காய்ச்சல் என்றால் வர மாட்டான் என்று அர்த்தமா?

கேள்வி: நான் கடலூரில் இருக்கிறேன். பிரிந்துபோன கணவர் புதுச்சேரியில். எட்டு வயது மகன் சனி, ஞாயிறு அப்பாவிடம் போக வேண்டும் என்பது கோர்ட் உத்தரவு. வாரம் தவறாமல் வாட்ஸ்அப்பில் சண்டை. வக்கீல் மெசேஜ்களைப் படித்துக் குறிப்பெடுத்து வரச் சொன்னார். படித்தால் ஆத்திரம்தான் வருகிறது. ஒரு உரையாடலை இத்துடன் அனுப்பியிருக்கிறேன். இதை எப்படிப் பார்ப்பது?
– பெயர் வேண்டாம், திருப்பாதிரிப்புலியூர்

பதில்: நீங்கள் அனுப்பியதில் ஐந்தே வரிகள். வெள்ளி இரவு 8.10க்கு நீங்கள்: “பையனுக்குக் காய்ச்சல்.” 8.25க்கு அவர்: “ஒவ்வொரு சனிக்கிழமையும் உனக்கு ஒரு சாக்கு.” 8.26க்கு நீங்கள்: “நீங்க என்னைக்கு அவனுக்கு மருந்து வாங்கிக் கொடுத்தீங்க? உங்கம்மா வளர்ப்பு அப்படி.” 8.31க்கு அவர்: “காலைல பத்து மணிக்கு கடலூர் பஸ் ஸ்டாண்ட்ல நிப்பேன். வரலன்னா வக்கீல்கிட்ட பேசிக்கோ.” 8.32க்கு நீங்கள்: “பேசிக்கிறேன்.”

ஒரு தாளில் மூன்று கட்டம் போடுங்கள்: தகவல், கோரிக்கை, சூடு. மூன்றாவது ஆள் ஒருவர் சரிபார்க்க முடிந்தால் அது தகவல். யார், எதை, எப்போது செய்ய வேண்டும் என்று இருந்தால் கோரிக்கை. பையனை விட்டு எதிராளி மேல் தாவுவதெல்லாம் சூடு.

முதல் வரி தகவல்தான், ஆனால் பாதித் தகவல். எத்தனை டிகிரி, எப்போதிலிருந்து, டாக்டரிடம் காட்டினீர்களா என்று எதுவும் இல்லை. அதைவிடப் பெரிய ஓட்டை, கோரிக்கைக் கட்டத்தில் உங்கள் பக்கம் காலியாக இருக்கிறது. ‘இந்த வாரம் அனுப்ப முடியாது’ என்று நீங்கள் மனதில் நினைத்தீர்கள், எழுதவில்லை. எழுதாத அதை அவரே ஊகித்து, அந்த ஊகத்துக்குக் கோபப்பட்டார். மாத்திரை கொடுத்து அனுப்புகிறேன் என்று சொல்ல வந்தீர்களோ என்னவோ, அதைப் படித்து எவராலும் சொல்ல முடியாது.

அவருடைய ‘ஒவ்வொரு சனிக்கிழமையும்’ சூடு. எப்பவும், ஒரு நாளும், என்னைக்கு என்ற சொற்கள் வரும் இடத்தில் பெரும்பாலும் பேச்சு திரும்பிவிடும். ஆனால் அதை அடித்துவிட்டுப் போகாதீர்கள், அதற்குள் எண்ணிப் பார்க்கக்கூடிய ஒன்று இருக்கிறது. காலண்டரை எடுத்து, கடைசி மூன்று மாதத்தில் எத்தனை சனிக்கிழமை அனுப்பவில்லை, ஏன் என்று எழுதுங்கள். ஒன்றிரண்டு என்றால் அவர் சொன்னது மிகை. ஐந்தாறு என்றால், வார்த்தை கசப்பாக இருந்தாலும் குறை நிஜம். நீதிபதியும் அதைத்தான் எண்ணுவார்.

மாமியார் வந்த வரியில் தகவலும் இல்லை, கோரிக்கையும் இல்லை. அவர் எழுதியதற்கு ஒரே நிமிடத்தில் அனுப்பியிருக்கிறீர்கள். இந்த நேரக் கணக்கையும் பாருங்கள், பதில் ஒரு நிமிடத்துக்குள் போகத் தொடங்கிய இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். எந்த வரியில் பையன் பேச்சிலிருந்து காணாமல் போனான் என்பதும் பெரும்பாலும் அங்கேயே தெரியும்.

இந்த ஐந்து வரியிலும் உருப்படியான ஒரே கோரிக்கை, பத்து மணி, பஸ் ஸ்டாண்ட். அது மிரட்டலோடு ஒட்டி வந்ததால், நீங்கள் ‘வக்கீல்’ என்ற சொல்லுக்குத்தான் பதில் சொன்னீர்கள், ‘பத்து மணி’ என்றதற்குச் சொல்லவில்லை. மறுநாள் அவர் வந்து நின்றிருந்தால், ‘வர வேண்டாம்’ என்று நீங்கள் சொன்னதாகக் காட்ட ஒரு வரிகூட இல்லை.

அதே வெள்ளி இரவு இப்படி எழுதியிருக்கலாம்: “பையனுக்கு மத்தியானத்திலிருந்து காய்ச்சல், 7 மணிக்கு 101 டிகிரி. டாக்டர் சீட்டு போட்டோ அனுப்பியிருக்கேன். நாளைக்குப் பயணம் வேண்டாம்னு கேட்கிறேன். பதிலுக்கு அடுத்த வெள்ளி சாயங்காலமே கூட்டிட்டுப் போங்க. சரியான்னு 9.30க்குள்ள சொல்லுங்க.” இதற்கும் அவர் ‘சாக்கு’ என்று எழுதலாம். அதற்குப் பதில் வேண்டாம், 9.30ஐ மட்டும் ஒருமுறை நினைவுபடுத்துங்கள். உத்தரவு இருப்பதால் நீங்களாகத் தேதியை மாற்ற முடியாது. அவர் சம்மதிக்காவிட்டால் உடனே வக்கீலிடம் கேளுங்கள்.

வக்கீலிடம் உங்கள் மோசமான வரிகளையும் சேர்த்தே கொடுங்கள். அழித்துப் பயனில்லை, கணவர் போனில் அப்படியே இருக்கும். நடுவில் வெட்டிய ஸ்க்ரீன்ஷாட்டை விட, தேதியும் நேரமும் தெரியும் முழு உரையாடல் நல்லது. போனை மாற்றவும் வேண்டாம். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய சாக்ஷிய சட்டத்தின் 63ஆம் பிரிவு, மின்னணுப் பதிவுக்குச் சான்றிதழ் கேட்கிறது. குடும்ப நீதிமன்றத்துக்குச் சான்றுகளை ஏற்பதில் கூடுதல் அதிகாரம் உண்டு என்றாலும், அதைத் தயாராக வைத்திருப்பது வக்கீலுக்கு வசதி.

அப்புறம், அடிப்பேன், பையனைத் தூக்கிட்டுப் போயிடுவேன் என்ற வரி எங்காவது இருந்தால் அதை இந்தக் கட்டங்களில் போட்டு ஆராய்ந்துகொண்டிருக்காதீர்கள். அன்றைக்கே வக்கீலுக்கும் போலீசுக்கும் காட்டுங்கள். பெண்கள் உதவி எண் 181.