எலும்பு வயதும் பிறந்த வயதும்: ஜூனியர் போட்டிகளில் நடக்கும் சோதனை

கேள்வி: ஜூனியர் போட்டிகளில் வயதைக் குறைத்துக் காட்டி ஆடுகிறவர்களை எப்படிப் பிடிக்கிறார்கள்? எலும்புப் பரிசோதனையில் உண்மையான வயது தெரிந்துவிடும் என்கிறார்களே, அப்புறம் ஏன் அதில் இவ்வளவு சர்ச்சை?

எக்ஸ்ரே படங்களைப் பார்த்து எலும்பு வயது எழுதித் தருவது பல வருடங்களாக என் வேலையில் ஒரு பகுதி. பெரும்பாலும் குட்டையாக இருக்கும் பிள்ளைகள், சீக்கிரமே பருவமடைந்த பிள்ளைகள் என்று குழந்தை மருத்துவர்கள் அனுப்புவார்கள். நடுநடுவே விளையாட்டுத் தேர்வு முகாம்களிலிருந்து பையன்கள் கூட்டமாக வருவார்கள். இரண்டு தரப்புக்கும் எடுப்பது ஒரே படம்தான். ஆனால் கேட்கிற கேள்வி வேறு. மருத்துவர் "இந்தப் பிள்ளையின் வளர்ச்சி எந்தக் கட்டத்தில் இருக்கிறது?" என்று கேட்கிறார். முகாம்காரர் "இவன் எப்போது பிறந்தான்?" என்று கேட்கிறார். முதல் கேள்விக்குத்தான் அந்தப் படத்தில் பதில் இருக்கிறது. சர்ச்சை முழுக்க இங்கிருந்து கிளம்புவதுதான்.

எந்த விளையாட்டிலும் முதலில் பார்ப்பது காகிதங்களைத்தான். பிறப்புச் சான்றிதழில் பிறந்த தேதியை விடப் பதிவான தேதியைத்தான் கவனமாகப் பார்ப்பார்கள். பிறந்த சில வாரங்களில் பதிவாகியிருந்தால் பிரச்சினை இல்லை. பத்து வருடம் கழித்து, அதுவும் தேர்வுக்குச் சற்று முன்னால் பதிவாகியிருந்தால் சந்தேகம் வரும். பள்ளியில் சேர்ந்த வருடம், தம்பி தங்கைகளின் பிறந்த தேதிகள் எல்லாவற்றையும் ஒப்பிடுவார்கள். அண்ணனுக்கும் தம்பிக்கும் ஐந்து மாத இடைவெளி வந்து மாட்டிக்கொண்ட குடும்பத்தை நானே பார்த்திருக்கிறேன். ஆனால் சரியான நேரத்தில் பிறப்பைப் பதிவு செய்யாத குடும்பங்கள் உலகமெங்கும் ஏராளம். காகிதம் தாமதமாக வந்தது என்பதற்காக அது பொய் என்று சொல்லிவிட முடியாது. அந்த இடத்தில்தான் எலும்பு உள்ளே வருகிறது.

வளரும் பிள்ளையின் எலும்பு நுனியில் வளர்ச்சித் தட்டு என்று குருத்தெலும்பால் ஆன ஒரு மெல்லிய அடுக்கு இருக்கும். எக்ஸ்ரேயில் அது கருப்புக் கோடாகத் தெரியும். பருவ வயதில் ஹார்மோன்கள் வேலை செய்யச் செய்ய அந்தக் கோடு குறுகி, கடைசியில் இரு பக்க எலும்பும் ஒட்டிக்கொண்டு மறைந்துவிடும். கிரிக்கெட்டில் பிசிசிஐ பயன்படுத்துகிற டேனர்-வைட்ஹவுஸ் 3 முறையில் (டிடபிள்யூ3 என்று சுருக்கமாகச் சொல்வோம்) இடது கை, மணிக்கட்டு படத்தில் 13 எலும்புகளைப் பார்க்க வேண்டும். முன்கையின் ரேடியஸ், அல்னா, அப்புறம் உள்ளங்கையிலும் விரல்களிலும் 11 சிறு எலும்புகள். ஒவ்வொன்றும் எந்த நிலையில் இருக்கிறது என்று ஓர் எழுத்து, அந்த எழுத்துக்கு ஒரு மதிப்பெண். எல்லாவற்றையும் கூட்டினால் முழுமையாக முதிர்ந்த கைக்கு 1000 வரும். அந்தக் கூட்டலை அட்டவணையில் பார்த்து வயதாக மாற்றுவோம்.

இந்த அட்டவணைக்கு ஓர் உச்சவரம்பு உண்டு. பையன்களுக்கு 1000 மதிப்பெண் என்றால் 16.5, பெண்களுக்கு 15. அதற்கு மேல் அதில் எண்ணே கிடையாது. 17 வயதுப் பையனுக்கும் 27 வயது இளைஞனுக்கும் ஒரே விடைதான் வரும். அதனால்தான் பிசிசிஐ இதை 16 வயதுக்குட்பட்ட பையன்களுக்கும் 15 வயதுக்குட்பட்ட பெண்களுக்கும் வைத்திருக்கிறது. பையனுக்கு 16.4 வரை, பெண்ணுக்கு 14.9 வரை வந்தால் ஆடலாம். (16.4 என்பது 16 வருடம் 4 மாதம் இல்லை. தசம எண் அது, ஏறக்குறைய 16 வருடம் 5 மாதம். இதை வைத்து என்னிடம் சண்டைக்கு வந்த பயிற்சியாளர்கள் உண்டு.)

இதே 13 எலும்புகளையும் மதிப்பெண்களையும் கொண்ட முந்தைய பதிப்பான டிடபிள்யூ2-வில், பையன்களுக்கு 1000 என்பது 18.2 வயது. புதிய பதிப்பில் அது 16.5 ஆனது. எலும்பு மாறவில்லை, ஒப்பிட்ட பிள்ளைகள்தான் மாறினார்கள். பழையது 1950-களின் பிரிட்டிஷ் பிள்ளைகளை வைத்துப் போட்டது. பின்னால் வந்த தலைமுறைகள் சீக்கிரம் முதிர்ந்ததால் அட்டவணையைத் திருத்தினார்கள். ஒரே படம், இரண்டு அட்டவணை, ஒன்றே முக்கால் வருடத்துக்குக் கொஞ்சம் குறைவான வித்தியாசம். "எலும்பு பொய் சொல்லாது" என்று யாராவது சொன்னால் எனக்கு இதுதான் ஞாபகம் வரும்.

சரி, ஒரே தலைமுறை, பொருத்தமான அட்டவணை என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் ஒரே நாளில் பிறந்த பையன்கள் ஒரே நாளில் முதிர்வதில்லை. பருவ வயதில் எலும்பு வயதின் திட்ட விலக்கம், அதாவது சராசரியிலிருந்து பிள்ளைகள் வழக்கமாகத் தள்ளிப்போகும் அளவு, தோராயமாக ஒரு வருடம். இதை வைத்து ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். உண்மையிலேயே 15 வயது 6 மாதம் ஆன பையன்களை எடுத்துக்கொள்ளுங்கள். சராசரி எலும்பு வயது 15.5. வெளியே தள்ளும் 16.5 என்ற எல்லைக்கோடு அதிலிருந்து சரியாக ஒரு விலக்கம் மேலே இருக்கிறது. ஆக, ஏறக்குறைய ஆறு பேரில் ஒருவன் ஒரு பொய்யும் சொல்லாமலே வெளியே போவான். 14 வயது 6 மாதம் என்றால் அது நூற்றுக்கு இரண்டு பேராகக் குறைந்துவிடும். இப்போது மறுபக்கம் பாருங்கள். 17 வயது 6 மாதம் ஆன ஒருவன் வயதைக் குறைத்துக்கொண்டு வருகிறான். அதே கணக்குப்படி ஆறில் ஒருவன் சோதனையில் தேறிவிடுவான். 18 வயது 6 மாதம் என்றால் நூற்றுக்கு இருவர்தான் தப்புவார்கள்.

இது தோராயக் கணக்குதான், ஆனால் சோதனையின் குணம் இதில் தெரிந்துவிடும். மூன்று நான்கு வருடம் குறைத்துக் காட்டுகிறவனை அது நன்றாகப் பிடிக்கும். ஒரு வருடம் குறைத்தவனையும், நேர்மையாக வந்து சீக்கிரம் வளர்ந்துவிட்டவனையும் அதால் பிரித்துச் சொல்ல முடியாது. இந்திய உச்ச நீதிமன்றம் 1982-ல் ஜெயா மாலா வழக்கில், எக்ஸ்ரே மூலம் சொல்லும் வயது இரண்டு பக்கமும் இரண்டு வருடம் வரை தவறலாம் என்று சொன்னது. அது விளையாட்டு வழக்கு இல்லை, தடுப்புக்காவல் வழக்கு. ஆனாலும் வயது பற்றிய விவாதங்களில் இன்றும் அதை எடுத்துக் காட்டுகிறார்கள்.

இதில் இன்னொரு சங்கடம் உண்டு. வேகப்பந்து வீச்சு மாதிரி உடல் வலு தேவைப்படும் இடங்களில் தேர்வாளர்களின் கண்ணில் படுவதே சீக்கிரம் வளர்ந்த பையன்கள்தான். அதாவது சோதனையில் தவறாக மாட்டிக்கொள்ள வாய்ப்பு அதிகமுள்ளவர்களைத்தான் பொறுக்கி எடுத்துச் சோதனைக்கு அனுப்புகிறோம். நான் மேலே சொன்ன ஆறில் ஒருவன் கணக்கு எல்லாப் பையன்களுக்குமான சராசரி. தேர்வு முகாமில் நிலைமை அதைவிட மோசமாகவே இருக்கும்.

கால்பந்தில் ஃபிஃபா வேறு வழியில் போனது. எக்ஸ்ரேக்குப் பதில் மணிக்கட்டு எம்ஆர்ஐ. கை எக்ஸ்ரேயின் கதிர்வீச்சு மிக மிகக் குறைவுதான். ஆனாலும் மருத்துவத் தேவை இல்லாத ஒரு சிறுவன் மேல் அதைச் செலுத்தலாமா என்ற கேள்வி எழுந்தது. எம்ஆர்ஐயில் கதிர்வீச்சே இல்லை. ரேடியஸ் எலும்பின் தட்டு ஒட்டியிருக்கும் அளவை ஆறு படிகளாகப் பிரித்தார்கள். ஆறாவது படி, அதாவது முழுதாக ஒட்டியது, 17 வயதுக்குட்பட்ட பையன்களில் நூற்றுக்கு ஒருவருக்கும் குறைவாகவே இருப்பதை ஆய்வில் கண்டார்கள். 2009-ல் நைஜீரியாவில் நடந்த 17 வயதுக்குட்பட்டோர் உலகக் கோப்பையில் இது நடைமுறைக்கு வந்தது. போட்டி தொடங்கும் முன்பே நைஜீரியா தன் அணியிலிருந்து 15 பேரை நீக்கியது. கேமரூனிலும் 2023 வாக்கில் ஒரு தகுதிச் சுற்றுக்கு முன்னால் 30 பேரைச் சோதித்ததில் 21 பேர் தேறவில்லை. நூற்றுக்கு ஒன்று என்ற பிழையை வைத்து 30-ல் 21-ஐ விளக்க முடியாது. கூட்டமாகப் பார்க்கும்போது இந்தச் சோதனை அசைக்க முடியாத சாட்சி. அந்த 21 பேரில் ஒருவனைத் தனியாக நிறுத்தி "நீ பொய்யன்" என்று சொல்வதுதான் வேறு விஷயம்.

எம்ஆர்ஐ வழியில் ஃபிஃபா செய்த புத்திசாலித்தனம், வயது என்ன என்று அது கேட்பதே இல்லை. தட்டு முழுதாக ஒட்டிவிட்டதா, ஆம் அல்லது இல்லை, அவ்வளவுதான். அதற்கு விலையும் உண்டு. 18, 19 வயதிலும் தட்டு முழுதாக ஒட்டாதவர்கள் இருக்கிறார்கள், அவர்கள் உள்ளே வந்துவிடுவார்கள். நேர்மையானவனை வெளியே தள்ளாமல் இருக்க, சில ஏமாற்றுக்காரர்களை உள்ளே விடுவது என்று முடிவெடுத்திருக்கிறார்கள். எனக்கு இது சரியாகவே படுகிறது. பெண்களுக்கு இந்த 17 வயது எல்லை உதவாது, அவர்களுக்குத் தட்டு அதற்கு முன்பே ஒட்டிவிடும்.

படம் பார்க்கிறவரும் ஒரு பிரச்சினைதான். ரேடியஸில் ஒட்டத் தொடங்கிவிட்டதா, இன்னும் தொப்பி மாதிரி கவிந்துதான் இருக்கிறதா என்பதில் அனுபவசாலிகளுக்குள்ளேயே கருத்து வேறுபடும். கடைசிக் கட்டங்களில் அந்த ஓர் எழுத்து மாறினால் விடை சில மாதங்கள் நகரும். அதனால் பையனின் பெயரும் சொன்ன வயதும் தெரியாத இரண்டு பேர் தனித்தனியாகப் படிக்க வேண்டும் என்பேன். ஆள் மாறாட்டம் இன்னொரு தலைவலி. அண்ணன் பெயரில் தம்பி கையை நீட்டிய கதை எல்லா எக்ஸ்ரே அறைகளிலும் உண்டு.

பிசிசிஐயில் முன்பு ஒரு வழக்கம் இருந்தது. ஒரு சீசனில் வந்த எலும்பு வயதோடு அடுத்த சீசனுக்கு 1 கூட்டிக்கொள்வார்கள். இந்த வருடம் 15.5 வந்தவன் அடுத்த வருடம் 16.5 என்று காகிதத்திலேயே வெளியே போய்விடுவான். எலும்பு அப்படிக் காலண்டரைப் பார்த்து வளர்வதில்லை. பருவ வேகத்தில் ஒருவனுக்கு ஒரு வருடத்தில் ஒன்றரை வயது கூடலாம், இன்னொருவனுக்கு அரைதான் கூடலாம். 2025-ல் இதை மாற்றி, அடுத்த சீசனில் மறுபடி சோதிப்பது என்று கொண்டுவந்தார்கள்.

சில வருடங்களுக்கு முன் ஒரு பையனுக்கு நான் 16.5 எழுதினேன். தட்டுகள் எல்லாம் சுத்தமாக ஒட்டிவிட்டன, அதில் சந்தேகமே இல்லை. அவன் அப்பா மறுநாள் ஒரு பிளாஸ்டிக் உறையோடு வந்தார். பிறந்த ஆஸ்பத்திரியின் டிஸ்சார்ஜ் சீட்டு, தடுப்பூசி அட்டை, ஆறாம் நாளில் பதிவான சான்றிதழ். கணக்குப்படி 15 வயது 7 மாதம். "சார், இதுல எது பொய்?" என்று கேட்டார். எதுவும் பொய் இல்லை என்று சொன்னேன். முகாமில் என் எண்ணைத்தான் எடுத்துக்கொண்டார்கள். அந்த வருடம் அவன் ஆடவில்லை. அதற்கடுத்த வருடம் 19 வயதுக்குட்பட்டோர் தேர்வுக்குப் போனான். அந்தப் பிரிவில் எலும்புச் சோதனை கிடையாது, காகிதம் மட்டும்தான். அதே பிளாஸ்டிக் உறையைக் கொடுத்தான், யாரும் ஒன்றும் கேட்காமல் வாங்கிக்கொண்டார்கள்.