அம்மீட்டரில் ஷண்ட்டின் இணைப்புக் கம்பிகள் செய்யும் பிழை

கேள்வி: 1 மில்லி ஆம்பியரில் முழு விலகல் காட்டும் 100 ஓம் கால்வனாமீட்டர் ஒன்று என்னிடம் இருக்கிறது. அதனுடன் 9,900 ஓம் மின்தடையைத் தொடரிணைப்பில் சேர்த்து 10 வோல்ட் வரை அளக்கும் வோல்ட்மீட்டர் செய்தேன், சரியாகக் காட்டுகிறது. பிறகு அதே மீட்டரின் இரு முனைகளில் 0.1 ஓம் ஷண்ட்டை மெல்லிய செம்புக் கம்பிகளால் பக்க இணைப்பில் சேர்த்து, 1 ஆம்பியர் அம்மீட்டர் செய்தேன். ஆனால் 0.75 ஆம்பியர் போகும்போதே முள் கடைசிக் கோட்டைத் தொட்டுவிடுகிறது. கணக்கைப் பலமுறை சரிபார்த்துவிட்டேன். தவறு எங்கே?

பதில்: கணக்கில் தவறு இல்லை. ஷண்ட்டையும் மீட்டரையும் இணைக்கும் அந்த இரண்டு செம்புக் கம்பிகளில்தான் பிழை இருக்கிறது. நீங்கள் பயன்படுத்தியிருக்க வேண்டிய சூத்திரம் இதுதான்:

```
S = Ig × G / (I − Ig)
```

இதில் S ஷண்ட்டின் மின்தடை, G கால்வனாமீட்டர் சுருளின் மின்தடை, Ig சுருளின் முழு விலகல் மின்னோட்டம், I அம்மீட்டர் அளக்க வேண்டிய உச்ச மின்னோட்டம். எண்களை இட்டால் 0.1001 ஓம் கிடைக்கும். அதற்குப் பதில் 0.1 ஓம் வைத்ததால் வரும் வேறுபாடு ஆயிரத்தில் ஒரு பங்கு மட்டுமே. முள்ளின் பருமனே அதை மறைத்துவிடும். இப்போது சூத்திரத்தைத் திருப்பிப் போட்டு, 0.75 ஆம்பியரில் முழு விலகல் வர ஷண்ட் எவ்வளவு இருக்க வேண்டும் என்று பாருங்கள். ஏறத்தாழ 0.133 ஓம் என்று வரும். அதாவது உங்கள் ஷண்ட்டுடன் 0.033 ஓம் கூடுதலாக எங்கிருந்தோ சேர்ந்திருக்கிறது. 0.4 மில்லி மீட்டர் விட்டமுள்ள செம்புக் கம்பியின் மின்தடை மீட்டருக்கு ஏறத்தாழ 0.137 ஓம். அப்படிப்பட்ட கம்பியில் 12 சென்டி மீட்டர் நீளத்துக்கு இரண்டு துண்டுகள் எடுத்தால், அவற்றின் மின்தடை கிட்டத்தட்ட அந்த 0.033 ஓம்தான். உங்கள் கம்பியின் விட்டமும் நீளமும் சற்று வேறாக இருக்கலாம், ஆனால் பிழை வரும் வழி இதுவே.

சுற்றிலிருந்து வரும் கம்பிகளை நீங்கள் மீட்டரின் முனைகளில் முறுக்கியிருப்பீர்கள். பாடநூல் படத்தைப் பார்ப்பவர்கள் பெரும்பாலும் அப்படித்தான் செய்கிறார்கள். படத்தில் கோடுகளுக்கு மின்தடை கிடையாது என்பதால் எந்த முனையில் சேர்த்தாலும் ஒன்றே. மேசையில் நிலைமை வேறு. மின்னோட்டம் மீட்டரின் முனைக்கு வந்து, மெல்லிய கம்பி வழியாக ஷண்ட்டுக்குப் போய், மற்றொரு மெல்லிய கம்பி வழியாகத் திரும்புகிறது. எனவே சுருளுக்குக் குறுக்கே இருப்பது ஷண்ட் மட்டுமல்ல, ஷண்ட்டும் இரு கம்பிகளும் சேர்ந்த தொடர். மொத்தத்தில் அதன் மின்தடை கூடுவதால் சுருள் தன் பங்குக்கு மேல் மின்னோட்டத்தை எடுத்துக்கொள்கிறது. வோல்ட்மீட்டரில் இதே கம்பிகள் 10,000 ஓமுடன் தொடரில் நின்றன, அங்கே 0.033 ஓம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் முள்ளுக்குத் தெரியாது.

இதை உறுதிப்படுத்த மல்டிமீட்டரின் ஓம் அளவை நம்ப வேண்டாம். சாதாரண மல்டிமீட்டரின் சோதனைக் கம்பிகளே நீங்கள் தேடும் மின்தடையைவிடப் பெரிதாக இருக்கக்கூடும். அதற்குப் பதிலாகச் சுற்றில் 0.5 ஆம்பியர் அனுப்பி, மில்லி வோல்ட் அளவில் இரண்டு இடங்களில் மின்னழுத்த வேறுபாட்டை அளவிடுங்கள். ஷண்ட்டின் உடலைத் தொட்டு அளந்தால் ஏறத்தாழ 50 மில்லி வோல்ட்டும், மீட்டரின் முனைகளில் அளந்தால் ஏறத்தாழ 66 மில்லி வோல்ட்டும் வரும். இடைப்பட்ட 16 மில்லி வோல்ட் கம்பிகளிலும் திருகாணிகளுக்கு அடியிலும் விழுகிறது. திருகாணியின் பங்கைத் தனியாக அறிய, மின்னோட்டம் போய்க்கொண்டிருக்கும்போதே அதை விரலால் அழுத்திப் பாருங்கள். முள் சற்றே கீழிறங்கினால் தொடர்பு தளர்வாக இருக்கிறது அல்லது கம்பியின் நுனியில் எனாமல் சரியாகச் சுரண்டப்படவில்லை.

திருத்துவதற்குப் புதிதாக எந்தப் பொருளும் வேண்டாம். சுற்றின் கம்பிகளை மீட்டரிலிருந்து கழற்றி, நேராக ஷண்ட்டின் இரு முனைகளில் பொருத்துங்கள். அந்த முனைகளுக்கு உட்புறமாக, ஷண்ட்டின் உடலிலேயே வேறு இரண்டு புள்ளிகளிலிருந்து அதே மெல்லிய கம்பிகளை மீட்டருக்கு எடுத்துச் செல்லுங்கள். இப்போது அந்த 0.033 ஓம் ஷண்ட்டோடு சேராமல், 100 ஓம் சுருளோடு தொடரில் சேர்கிறது. பிழை 33 சதவீதத்திலிருந்து 0.033 சதவீதமாகக் குறைந்துவிடும். தொழிற்சாலைகளில் பயன்படும் பெரிய ஷண்ட்களைக் கவனித்தால், மின்னோட்டத்துக்குத் தடித்த இரண்டு போல்ட்டுகளும், அவற்றுக்கு உள்ளே மீட்டருக்கென்று சிறிய இரண்டு திருகாணிகளும் தனித்தனியாக இருப்பதைக் காணலாம், காரணம் இதுவேதான்.

இந்த இணைப்புமுறைக்கு இன்னொரு பயனும் உண்டு. என்னைப் பொறுத்தவரை துல்லியத்தைவிட அதுவே முக்கியம். உங்கள் இப்போதைய அமைப்பில் ஷண்ட்டின் ஒரு கம்பி நழுவினால் மின்னோட்டம் முழுவதும் சுருள் வழியாகத்தான் போயாக வேண்டும். 6 வோல்ட் மூலமும் 6 ஓம் வெளிமின்தடையும் இருப்பதாகக் கொண்டால், சுருளின் 100 ஓமும் சேர்ந்து 57 மில்லி ஆம்பியர் ஓடும். சுருள் தாங்கக்கூடிய முழு அளவைப் போல அது 57 மடங்கு. முள் வளைவதும், சுருள்வில் கெடுவதும் நொடியில் நடந்துவிடும். புதிய அமைப்பில் மீட்டரின் கம்பி நழுவினால் முள் பூச்சியத்தில் நிற்கும், அவ்வளவே. ஆகவே முதலில் ஷண்ட்டைச் சுற்றில் இறுக்கிப் பொருத்திவிட்டு, கடைசியாகத்தான் மீட்டரை அதன் மேல் இணைக்க வேண்டும். கழற்றும்போது மீட்டரை முதலில் எடுக்க வேண்டும்.

ஷண்ட்டை நீங்களே செய்வதானால் மாங்கனின் என்ற உலோகக் கலவையால் ஆன, 1 மில்லி மீட்டர் விட்டமுள்ள கம்பி வசதியானது. 0.1 ஓமுக்கு ஏறத்தாழ 16 முதல் 18 சென்டி மீட்டர் தேவைப்படும். கம்பியின் கலவைக்கேற்ப இது சிறிது மாறும். அதனால் நீளத்தைக் கணக்கிட்டு வெட்டுவதைவிட, 25 சென்டி மீட்டர் துண்டை எடுத்து, சுற்றின் கம்பிகளை இரு ஓரங்களிலும், மீட்டரின் கம்பிகளை 20 சென்டி மீட்டர் இடைவெளியிலும் வைத்துத் தொடங்குவது நல்லது. நம்பகமான ஓர் அம்மீட்டரைத் தொடரில் வைத்து 0.5 ஆம்பியர் அனுப்பினால் உங்கள் முள் பாதி அளவைத் தாண்டி நிற்கும். மின்னோட்டத்தை நிறுத்தி, மீட்டரின் ஒரு கம்பியைச் சிறிது உள்ளே நகர்த்தி, மீண்டும் அனுப்பிப் பாருங்கள். முள் சரியாகப் பாதியில் வந்து நின்றதும் அந்த இடத்தில் பற்றவைத்து, கம்பி ஆறிய பிறகு மறுபடியும் ஒருமுறை சரிபாருங்கள்.

இத்தனைக்குப் பிறகும் ஒரு பிழை மிஞ்சும். அது சுருளிலிருந்தே வருகிறது. செம்பின் மின்தடை ஒவ்வொரு டிகிரி செல்சியஸுக்கும் ஏறத்தாழ 0.4 சதவீதம் கூடுகிறது, மாங்கனினோ கிட்டத்தட்ட மாறுவதே இல்லை. ஆகவே அறை 10 டிகிரி சூடானால் 100 ஓம் சுருள் 104 ஓம் ஆகும், அம்மீட்டர் ஏறத்தாழ 4 சதவீதம் குறைவாகக் காட்டும். வோல்ட்மீட்டரில் அதே 4 ஓம் 10,000 ஓமில் கரைந்துவிடுகிறது. அம்மீட்டரில் இதைக் குறைக்கச் சுருளோடு 300 ஓம் மாங்கனின் மின்தடையைத் தொடரில் சேர்க்கலாம். அப்போது மாற்றம் 400 ஓமில் 4 ஓம், அதாவது 1 சதவீதமாகச் சுருங்கும். ஆனால் ஷண்ட்டை 0.4004 ஓமாக உயர்த்த வேண்டியிருக்கும். 1 ஆம்பியர் போகும்போது அம்மீட்டரில் விழும் மின்னழுத்தமும் 0.1 வோல்ட்டிலிருந்து 0.4 வோல்ட்டாகும். 6 வோல்ட் சுற்றில் இதைப் பொறுத்துக்கொள்ளலாம். ஒற்றை 1.5 வோல்ட் மின்கலத்தை வைத்துச் செய்யும் சோதனையில் அம்மீட்டரே அளக்கவேண்டிய மின்னோட்டத்தைக் கணிசமாகக் குறைத்துவிடும் என்பதால், அங்கே 300 ஓம் இல்லாமல் வைத்துக்கொண்டு, அளவிடும் நாளின் அறை வெப்பநிலையிலேயே 0.5 ஆம்பியரில் ஒப்பிட்டுச் சரிசெய்துகொள்வதே நல்லது.