எங்க கஸ்டமர் கம்பெனிக்கு ஆல்ட்மேன் இசட் ஸ்கோர் போட்டா 1.7 வருது, 1.81-க்கு கீழன்னா திவால்னு சொல்றாங்க, கடன்ல சரக்கு குடுக்கறத நிறுத்திடணுமா?

உடனே நிறுத்தாதீங்க. மொதல்ல எந்த ஃபார்முலா போட்டீங்கன்னு பாருங்க. உங்க கஸ்டமர் ஷேர் மார்க்கெட்ல இல்லாத குடும்பக் கம்பெனின்னு நெனைக்கிறேன், ஏன்னா இந்த 1.81-ங்கற கோட்ட வச்சுப் பயந்து கேக்கறவங்கள்ல முக்கால்வாசிப் பேரு அப்படிப்பட்ட கம்பெனிக்குத்தான் போட்டிருப்பாங்க. நான் தென்னாப்பிரிக்காவுல டர்பன்ல பர்னிச்சர் பேக்டரிகளுக்கு சிப்போர்டு, கீல், கைப்பிடி சப்ளை பண்ற ஒரு மொத்த வியாபாரக் கம்பெனில கிரெடிட் பாக்கறேன், இதே குழப்பத்த நேர்ல பாத்தவன், அதான் எழுதறேன்.

1968-ல எட்வர்ட் ஆல்ட்மேன் போட்ட மூல ஃபார்முலா பங்குச் சந்தைல இருந்த அமெரிக்க உற்பத்திக் கம்பெனிகள வச்சுப் பண்ணது. 33 திவாலானது, 33 ஆகாதது. இந்த ரெண்டு கூட்டத்தையும் நல்லாப் பிரிச்சுக் காட்டற மாதிரி அஞ்சு விகிதத்துக்கும் எடை குடுத்தாரு, அவ்வளவுதான். அதுல நாலாவது விகிதம் பங்கோட சந்தை மதிப்ப மொத்தக் கடனால வகுத்தது. குடும்பக் கம்பெனிக்கு ஏது சந்தை மதிப்பு? அதுக்காகவே அவரே அப்புறமா புத்தக மதிப்ப வச்சு எடையெல்லாம் மாத்தி வேற ஒண்ணு போட்டாரு:

```
Z' = 0.717 X1 + 0.847 X2 + 3.107 X3 + 0.420 X4 + 0.998 X5
X1 = working capital / total assets
X2 = retained earnings / total assets
X3 = EBIT / total assets
X4 = book equity / total liabilities
X5 = sales / total assets
```

இதுக்குக் கோடும் வேற. 1.23-க்குக் கீழ ஆபத்து, 2.90-க்கு மேல பரவால்ல, நடுவுல தெரியாது. எங்க ஆபீஸ்ல எனக்கு முன்னாடி இருந்தவரு வச்சுட்டுப் போன எக்செல் ஷீட்ல மூல எடை, ஆனா சந்தை மதிப்புக்கு பதிலா புத்தக மதிப்பு, கோடு 1.81. ரெண்டையும் கலந்த ஷீட்டு எத்தன ஆபீஸ்ல ஓடுதோ தெரியல.

ஒரு கேஸ் சொல்றேன். டர்பன்லயே ஜேக்கப்ஸ் பக்கம் ஒரு பர்னிச்சர் பேக்டரி, பேரு வேணாம், எண்ண எல்லாம் ரவுண்ட் பண்ணிச் சொல்றேன். மொத்த சொத்து 40 மில்லியன் ராண்ட், விற்பனை 44, வட்டிக்கும் வரிக்கும் முன்னாடி லாபம் 2.4, தேங்கின லாபம் 6, மொத்தக் கடன் 34. நடப்புச் சொத்து 24, நடப்புக் கடன் 20. பழைய ஷீட்ல 1.73 வந்துச்சு, சிவப்பு. சரியான ஃபார்முலால 1.56, அதாவது நடுக்கட்டம். எண்ணு கொறஞ்சுது, ஆனா கோடும் எறங்கினதால ஆபத்துப் பட்டியல்ல இருந்து வெளிய வந்துருச்சு. எங்க மேனேஜருக்கு இத புரிய வைக்கவே ஒரு மதியம் போச்சு.

அடுத்தது அந்த 34-க்குள்ள என்ன இருக்குன்னு பாக்கணும். வருஷக் கணக்கோட நோட்ஸ் பக்கத்துல பாத்தா 8 மில்லியன் முதலாளியே கம்பெனிக்குக் குடுத்த கடன். எப்ப வேணா திருப்பிக் கேக்கலாம்னு இருந்ததால நடப்புக் கடன்ல போட்டிருந்தாங்க. இங்க குடும்பக் கம்பெனிகள்ல இது சர்வ சாதாரணம், பங்கு மூலதனம் பேருக்குத்தான் இருக்கும், உண்மையான மூலதனம் எல்லாம் இந்த லோன் அக்கவுண்ட்லதான். அத மூலதனம் மாதிரி எடுத்துக்கிட்டா X1 0.10-ல இருந்து 0.30, X4 0.18-ல இருந்து 0.54, ஸ்கோர் 1.85. ஆனா வாய் வார்த்தைக்கு அப்படி எடுத்துக்கக் கூடாது. மத்த கடன்காரங்களுக்கெல்லாம் குடுத்த பிறகுதான் என் பணத்த எடுப்பேன்னு அவரு சபார்டினேஷன் அக்ரிமெண்ட்ல கையெழுத்துப் போட்டாத்தான் அது மூலதனம். இல்லன்னா அடுத்த மாசமே எடுத்துட்டு அந்த எடத்துல பேங்க் ஓவர்டிராஃப்ட் வந்து உக்காரும், அத கடனாவே வச்சுப் போட்ட 1.56 ஒரு புள்ளிகூட நகராது, ஏன்னா மொத்தக் கடன் மாறல, கடன் யாருக்குங்கறதுதான் மாறிருக்கு.

மூணாவதா பாக்க வேண்டியது சரக்கு, என்ன ரொம்ப உறுத்தினது இதுதான். ஸ்டாக் 14 மில்லியன், வித்த சரக்கோட அடக்க விலை 33. கணக்குப் பண்ணா 155 நாள், அஞ்சு மாசத்துக்கு மேல. ஆர்டர் குடுத்தா மூணு வாரத்துல டெலிவரின்னு சொல்ற பேக்டரிக்கு எதுக்கு அஞ்சு மாச சரக்கு? நேர்லயே போனேன். முதலாளி பெரியவரு, தமிழ் கொஞ்சம்தான் வரும், ஆனா என்ன எப்பவும் தம்பின்னுதான் கூப்பிடுவாரு. குடோன் பின்பக்கம் கூரை வரைக்கும் கட்டில் பக்கத்துல வைக்கிற அலமாரி அட்டைப்பெட்டி, டேப்பு மஞ்சளாகி உரிஞ்சு தொங்குது. “ஒரு சங்கிலிக் கடை ஆர்டர் குடுத்துட்டு பாதில மாடல மாத்திட்டாங்க தம்பி”ன்னாரு. அது மூணு மில்லியன் சரக்கு, புத்தகத்துல முழு அடக்க விலைல நிக்குது.

அந்த மூணு மில்லியன தள்ளிட்டுப் பாருங்க, வரிய இப்ப விட்டுருவோம். லாபம் 2.4 போயி மைனஸ் 0.6, தேங்கின லாபம் 3, சொத்து 37. லோன் அக்கவுண்ட மூலதனமா எடுத்தும் ஸ்கோர் 1.85-ல இருந்து 1.56. எடுக்கலன்னா 1.26, கோட்டுக்கு மேல மயிரிழைல நிக்குது. செத்த சரக்கு ஒண்ணே அஞ்சுல நாலு விகிதத்த ஒரே நேரத்துல தூக்கிக் காட்டும், இந்த ஸ்கோரோட பெரிய ஓட்டை இதுதான். X5 மட்டும் எதிர்ப்பக்கம், சரக்கத் தள்ளினா சொத்து கொறஞ்சு அது ஏறுது. முதல்ல வந்த 1.56-லயே 1.10 X5-ல இருந்து வந்ததுதான். அதனால உங்க கஸ்டமர் உற்பத்தி பண்ணாம வாங்கி விக்கிறவரா இருந்தா இந்த ஃபார்முலாவும் வேணாம், வியாபாரிக்கு விற்பனை பெரும்பாலும் சொத்த விட ரெண்டு மூணு மடங்கு இருக்கும், லாபமே இல்லன்னாலும் ஸ்கோர் நல்லாத் தெரியும். X5-அ எடுத்துட்டு நாலு விகிதத்துல போட்ட இன்னொன்னும் ஆல்ட்மேன் குடுத்திருக்காரு, அத எடுங்க.

ஆடிட்டர்ங்க யாராச்சும் வந்து 95 சதவீதம் சரியாச் சொல்ற மாடல கொற சொல்றியான்னு கேப்பீங்க. கொற சொல்லல. அந்த 95 திவாலுக்கு ஒரு வருஷம் முன்னாடி இருந்த கணக்குக்கு, அதே 66 கம்பெனிக்குள்ள. ரெண்டு வருஷம் முன்னாடி கணக்குன்னா திவாலானதுல 72 சதவீதத்தத்தான் பிடிச்சுது. அதுவும் அந்த 66-ல பாதி திவாலானது. உங்க லிஸ்ட்ல 1000 கஸ்டமர்ல 20 பேரு விழுவாங்கன்னு வச்சுக்குங்க, மாடல் 19 பேர பிடிச்சாலும், நல்லா இருக்கற 980-ல நூத்துக்கு மூணு தப்பா அடிச்சா 29 பேரு சிவப்புல வருவாங்க. சிவப்புல இருக்கறதுல பாதிக்கு மேல விழாதவங்க.

 

அந்த பேக்டரிக்கு நாங்க நிறுத்தல. சபார்டினேஷன் கையெழுத்தாச்சு, முதலாளி சொந்த ஜாமீன் குடுத்தாரு, லிமிட்ட பாதியாக்கி 60 நாள 30 ஆக்கினோம், பழைய அலமாரிய தள்ளுபடில வித்துட்டு மாசா மாசம் ஸ்டாக் லிஸ்ட் அனுப்பணும்னு எழுதி வாங்கினோம். நீங்களும் ஸ்கோர ஓரமா வச்சுட்டு அவங்ககிட்ட நோட்ஸ் பக்கத்தோட முழுக் கணக்கும், வயசு வாரியா ஸ்டாக் லிஸ்டும் கேளுங்க. குடுக்க இழுத்தடிச்சாங்கன்னா அப்ப நிறுத்துங்க.