எண்ணெய் பாக்கெட்டின் கிராமைப் பாருங்கள்

கேள்வி: சென்னையை விட்டுக் காரைக்குடிப் பக்கம் வந்துவிட்டோம். மாத மளிகையை மொத்தக் கடையில் வாங்குவதா, தெருக்கடையிலா, உடனே கொண்டுவந்து தரும் ஆப்பிலா? எது கட்டுப்படியாகும்?

நீங்களும் எங்களைப் போல இரண்டே பேர் என்று வைத்துக்கொண்டு சொல்கிறேன். எங்களுக்கு அரிசி புதுவயல் மில்லில், மற்றதெல்லாம் தெருக்கடையில். ஆப் பிடிக்காத பழங்காலத்து ஆச்சி என்று யாரும் கிளம்பிவிட வேண்டாம். என் போனிலும் ஆப் இருக்கிறது. விலையை வகுத்துப் பார்த்துத்தான் பேசுகிறேன்.

போன மாதம் ஆப்பில் சூரியகாந்தி எண்ணெய் 145 ரூபாய், எங்கள் கடையில் 152. "ஏழு ரூபாய் மிச்சம்தானேம்மா" என்றாள் மகள். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால் அது 850 கிராம். கடையில் இருப்பது முழு லிட்டர், அதாவது 910 கிராம். கிலோவுக்குக் கணக்குப் போட்டால் ஆப்பில் 171 ரூபாய், கடையில் 167. இன்ன இன்ன அளவில்தான் அடைக்க வேண்டும் என்று முன்பிருந்த விதி போய்விட்டது, இப்போது எந்த எடையிலும் வருகிறது. பதிலுக்கு கிராம் விலையைப் பாக்கெட்டில் அச்சடிக்க வேண்டும். ஆனால் அது எம்.ஆர்.பி.க்கு உள்ள கணக்கு. தள்ளுபடி விலைக்கு நாமேதான் வகுக்க வேண்டும்.

அப்புறம், நம் காரைக்குடிப் பக்கத்து வீடுகளுக்கு முன்வாசல் ஒரு தெரு, பின்வாசல் அடுத்த தெரு. டெலிவரிப் பையன் எப்போதும் பூட்டிய முகப்பில் நின்றுகொண்டு போன் அடிப்பான். முகப்புச் சாவி பங்காளி வீட்டில். ஓடு மாற்றப் பங்குப் பணம் கேட்டால் மட்டும் அவர்கள் ஊரிலேயே இருக்க மாட்டார்கள். சரி, அந்தக் கதை இங்கே எதற்கு!

மில்லில் அரிசி வாங்கினால் 26 கிலோ மூட்டையாக வாங்குங்கள். 2022 ஜூலையில் 25 கிலோ வரை அடைத்து லேபிள் ஒட்டிய அரிசிக்கு 5 சதவீதம் ஜி.எஸ்.டி. வந்தது. அதற்காகவே அந்த ஒரு கிலோவைக் கூடப் போட்டார்கள்.

பருப்புக்கு மதுரை கீழமாசி வீதி வரை போகிறவர்கள் உண்டு. கல்யாண வீட்டுக்கு அது சரி. இரண்டு பேருக்குப் பத்து கிலோ துவரம்பருப்பு வாங்கினால் பாதி தீர்வதற்குள் வண்டு வந்துவிடும், பஸ் செலவு வேறு. தெருக்கடையில் "ஆச்சி, இது பழைய சரக்கு, அடுத்த வாரம் வாங்கிக்குங்க" என்று கடைக்காரரே சொல்வார். பூச்சி இருந்தால் மாற்றியும் தருவார். கல்பாசி ஐம்பது கிராம் கேட்டாலும் முகம் சுளிக்க மாட்டார்.

மொத்தக் கடைக்கு வருஷத்தில் ஒரு நடை போகலாம் என்றால் மாசி, பங்குனியில் போங்கள். அப்போதுதான் புது மிளகாயும் புளியும் வரும். குண்டு மிளகாயைக் குலுக்கிப் பாருங்கள், உள்ளே விதை சலசலக்க வேண்டும். சத்தம் இல்லை என்றால் ஈரம், அந்த எடைக்கும் காசு கொடுக்கிறீர்கள்.