லாப்ரடோர் குட்டிக்குச் சோறும் கோழியுமா, பக்கற் உணவா?

கேள்வி: மட்டக்களப்பில் இருக்கிறேன். எங்கள் லாப்ரடோர் குட்டிக்கு நான்கு மாதம், 14 கிலோ. பக்கற் உணவு விலை கூடிவிட்டதால் அப்பா சோறும் அவித்த கோழியும் போடச் சொல்கிறார். கூடவே கல்சியம் சிரப்பும் வாங்கிவிட்டார். எது சரி?

பதில்:

தம்பி, அப்பா சொல்லும் சாப்பாட்டில் புரதத்துக்குக் குறைவே இல்லை. குறைவதெல்லாம் எலும்புக்கு வேண்டியது. அந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தால் சிரப்பை என்ன செய்வதென்றும் தெரிந்துவிடும்.

14 கிலோ எடையுள்ள நான்கு மாதக் குட்டிக்கு ஒரு நாளைக்கு ஏறத்தாழ 1000 கலோரி வேண்டும். அந்த அளவு உணவில் குறைந்தது 56 கிராம் புரதம், 3 கிராம் கல்சியம், 2.5 கிராம் பொஸ்பரஸ் இருக்க வேண்டும் என்பது அமெரிக்கத் தீவன அளவுகோல். பெரிய இனக் குட்டிகளுக்குக் கல்சியம் 4.5 கிராமைத் தாண்டக்கூடாது என்றும் அதிலேயே இருக்கிறது.

அப்பாவின் சாப்பாட்டைப் பார்ப்போம். 400 கிராம் சோறும் எலும்பில்லாத 250 கிராம் அவித்த கோழியும் சேர்ந்தால் கலோரி சரியாக வந்துவிடுகிறது. புரதம் 75 கிராமுக்கு மேல் நிற்கிறது. பொஸ்பரஸ் 0.7 கிராம் அளவில் வரும். கல்சியம் 0.1 கிராம்கூட வராது. தேவையில் முப்பதில் ஒரு பங்கு! இறைச்சி தின்னும் பிராணிக்கு இறைச்சியே போதும் என்று நினைக்கிறோம். ஆனால் காட்டில் வேட்டையாடும் விலங்கு எலும்பையும் சேர்த்துத் தின்கிறது. நாம் எலும்பை எடுத்துவிட்டுச் சதையை மட்டும் கொடுக்கிறோம்.

இப்படிச் சில வாரங்கள் போனால் உடல் இரத்தத்தின் கல்சியத்தை விட்டுக்கொடுக்காது. கழுத்திலுள்ள சின்னச் சுரப்பிகள் எலும்பைக் கரைத்து இரத்தத்துக்குக் கொடுக்கத் தொடங்கும். நான் கால்நடை வைத்தியர் ஒருவரிடம் உதவியாளராக இருந்த காலத்தில் களுவாஞ்சிகுடியில் இருந்து ஓர் அல்சேஷன் குட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். மாட்டீரலும் சோறும் மட்டும் கொடுத்து வளர்த்த குட்டி. ரோமம் பளபளத்தது, வயிறு நிறைந்திருந்தது, பார்த்தால் நோயாளி என்று சொல்லவே முடியாது. தரையில் விட்டபோதுதான் தெரிந்தது. முன்கால் மணிக்கட்டு தாழ்ந்து, பாதம் தட்டையாகப் பரந்து நின்றது. இரண்டு அடி வைத்து உட்கார்ந்துவிட்டது. எக்ஸ்ரேயில் எலும்பின் ஓரம் பென்சில் கோடு போல மெலிந்திருந்தது. இந்த நிலையில் கட்டிலில் இருந்து குதித்தாலே கால் முறியலாம். ஓடப் பிடிக்காமல் படுத்தே கிடப்பது, நொண்டுவது, முதுகைத் தொட்டால் கத்துவது ஆகியவை வந்தால் காத்திருக்க வேண்டாம்.

வெயிலில் விட்டால் எலும்பு தேறும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். மனிதத் தோலைப் போல நாயின் தோல் விற்றமின் டி-யைப் போதிய அளவு உண்டாக்காது. அது மீனிலும் முட்டை மஞ்சட்கருவிலும் இருந்துதான் வர வேண்டும். பாலும் தயிரும் கைகொடுக்காது. 3 கிராம் கல்சியத்துக்கு இரண்டரை லீற்றர் பால் வேண்டும். அதற்கு முன்பே குட்டிக்கு வயிற்றோட்டம் வந்துவிடும்.

இனிச் சிரப். குட்டிக்கானது என்று எழுதிய முழுமையான பக்கற் உணவு கொடுத்தால் சிரப் வேண்டவே வேண்டாம். கல்சியம் 1.2 சதவீதம் என்று போட்ட பக்கற்றில் ஒரு நாளைக்கு 260 கிராம் போட்டால் தேவையான 3 கிராம் வந்துவிடுகிறது. மேலே ஊற்றுவதெல்லாம் மிகை. வளர்ந்த நாயின் குடல் மிகையைத் தடுக்கும். சின்னக் குட்டியின் குடலுக்கு அந்தத் திறன் இன்னும் வரவில்லை, கொடுத்ததில் பெரும் பங்கை உறிஞ்சிவிடும். நெதர்லாந்தின் உட்ரெக்டில் ஹேசவிங்கெல் குழுவினர் கிரேட் டேன் குட்டிகளுக்கு 3.3 சதவீதக் கல்சியம் கொடுத்துப் பார்த்து 1985இல் எழுதினார்கள். குருத்தெலும்பு சரியாக எலும்பாக மாறாமல் மூட்டுகள் கெட்டன. அதே ஊரில் பின்னர் புரதத்தைக் கூட்டிக் குறைத்துப் பார்த்தபோது எலும்பு கெடவில்லை. ஆகவே புரதம் கூடினால் கால் வளையும் என்று பயப்படத் தேவையில்லை.

என்னைக் கேட்டால், ஒரு வயது வரைக்கும் பக்கற் உணவே அடிப்படையாக இருக்கட்டும். வீட்டுச் சாப்பாடு பத்தில் ஒரு பங்கு வரை சேர்ந்தால் கணக்குக் குழம்பாது. காசு இடம் கொடுக்கவில்லை என்றால் பாதிக்குப் பாதி செய்யலாம், ஆனால் வீட்டுப் பாதிக்கு நீங்களே கல்சியம் சேர்க்க வேண்டும்.

ஒரு நாளைக்கு 130 கிராம் பக்கற் உணவு, 200 கிராம் சோறு, 60 கிராம் கோழி, 70 கிராம் முள்ளோடு அவித்த சூடை மீன். இத்துடன் மட்டம் தட்டிய அரைத் தேக்கரண்டி முட்டையோட்டுத் தூள். அரைத் தேக்கரண்டித் தூளில் ஏறத்தாழ 1 கிராம் கல்சியம் இருக்கிறது. பக்கற்றில் இருந்து ஒன்றரைக் கிராம் வருகிறது, மீதியில் ஒரு பகுதியை மீன் முள் தருகிறது. மீனைப் பிரஷர் குக்கரில் வைத்து, முள்ளை இரண்டு விரலால் நசுக்கினால் மாவாகும் வரை அவியுங்கள். பச்சையாகக் கொடுக்காதீர்கள், சூடை இன மீன்களில் விற்றமின் பி1-ஐ அழிக்கும் பொருள் உண்டு, அவித்தால் அது போய்விடும். உப்பும் வெங்காயமும் சேர்ந்த குழம்பு மீன் ஆகாது. வெங்காயம் நாயின் இரத்தச் செல்களையே உடைக்கும்.

முட்டையோட்டைக் கழுவி, பத்து நிமிடம் கொதிக்க வைத்து, நன்றாகக் காய வைத்து மிக்சியில் அரையுங்கள். விரலிடையில் தேய்த்தால் கோதுமை மா போல வழுக்க வேண்டும். நறநறவென்றால் அரித்து மறுபடியும் அரையுங்கள்.

முழுக்க வீட்டுச் சாப்பாடு என்றால் முட்டையோட்டுத் தூள் மட்டும் போதாது. மேலே சொன்ன சோறு கோழிக்கு ஒன்றரைத் தேக்கரண்டி போட்டால் கல்சியம் 3 கிராமாகும், பொஸ்பரஸ் 0.7-லேயே நிற்கும். ஒன்றுக்கு நான்கு மடங்கு! கல்சியம் பொஸ்பரஸின் இரண்டு மடங்கைத் தாண்டக்கூடாது. இரண்டையும் சேர்த்துத் தரும் டைக்கல்சியம் பொஸ்பேற்றோ உணவுத் தரமான எலும்புத் தூளோ வேண்டும். தோட்டத்துக்குப் போடும் எலும்பு உரத்தைத் தொடவே கூடாது. நாகம், செம்பு, அயடீன் ஆகியவையும் குறையும். இதையெல்லாம் குட்டியின் எடைக்கு ஏற்ப எழுதித் தரச்சொல்லிக் கால்நடை வைத்தியரிடம் கேளுங்கள்.

குட்டியை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை நிறுங்கள். நீங்கள் அதைத் தூக்கிக்கொண்டு தராசில் ஏறி, பிறகு உங்கள் எடையைக் கழித்தால் போதும். எடை கூடக்கூட எல்லாவற்றையும் ஒரே விகிதத்தில் கூட்டுங்கள், தூளை மட்டும் தனியாகக் கூட்டாதீர்கள். விலா எலும்பு கைக்குத் தட்டுப்பட வேண்டும், மேலிருந்து பார்த்தால் இடுப்புத் தெரிய வேண்டும். லாப்ரடோர் எவ்வளவு போட்டாலும் தின்னும், கொழுத்தால் அந்தப் பாரத்தையும் வளரும் மூட்டுகள்தான் சுமக்கும். சிரப் போத்தல் திறக்கவில்லை என்றால் கடையில் திருப்பிக் கொடுத்து, அந்தக் காசுக்கு முட்டை வாங்கச் சொல்லுங்கள் அப்பாவிடம். அவித்த முட்டை குட்டிக்கு நல்லது, ஓடும் கிடைக்கும்.