அம்மாவின் ஸ்கானில் ஒரு படத்தில் தெரியும் புள்ளி மற்றதில் ஏன் இல்லை?

"அம்மாவுக்கு 64 வயது. இருமல் நிற்காததால் போன கிழமை கொழும்பில் நெஞ்சுக்கு சி.டி. ஸ்கான் எடுத்தோம். ஃபிலிமில் ஒரே இடத்தை மூன்று மாதிரிப் போட்டிருக்கிறார்கள். ஒன்றில் வலது நுரையீரலில் ஒரு புள்ளி தெரிகிறது, மற்ற இரண்டிலும் அந்த இடம் வெறும் கறுப்பு. அறிக்கையில் 6 மி.மீ. முடிச்சு என்று இருக்கிறது. லண்டனில் இருக்கும் அண்ணா மூலம் ஒரு டொக்டருக்கு வட்சப்பில் ஒரு படம் அனுப்பினோம். ஒன்றும் தெரியவில்லை என்கிறார். அம்மாவை மூன்று தரம் ஸ்கான் செய்தார்களா? எந்தப் படத்தை நம்புவது?"
– ஒரு வாசகி, வெள்ளவத்தை

நீங்கள் சொல்வதைப் பார்த்தால் ஸ்கான் ஒரு தரம்தான் நடந்திருக்கிறது. அம்மா மூச்சைப் பிடித்துக்கொண்டு படுத்திருந்த அந்தச் சில விநாடிகளில் எடுத்த அளவீடுகளிலிருந்தே மூன்று படங்களும் வந்திருக்கின்றன. புள்ளி தெரிகிற படத்தை நம்புங்கள். மற்ற இரண்டிலும் அந்த இடத்துக்குக் கறுப்பு நிறம் விழுந்ததற்குக் காரணம் இருக்கிறது.

சி.டி. இயந்திரம் நேரடியாகப் படம் பிடிப்பதில்லை. உடலைச் சின்னச் சின்னக் கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டமும் எக்ஸ்ரே கதிரை எவ்வளவு தடுக்கிறது என்று ஓர் எண் கொடுக்கிறது. அதுதான் ஹவுன்ஸ்ஃபீல்ட் அலகு. திரையில் HU என்று இருக்கும். தண்ணீர் 0, காற்று −1000 என்று வைத்து மற்றதையெல்லாம் அளக்கிறோம். கொழுப்பு −100 அளவில், தசை 50 அளவில், காற்று நிறைந்த நுரையீரல் −850 அளவில் வரும். கெட்டியான எலும்பு 1000-ஐயும் தாண்டும். இந்த அளவுகோலுக்குப் பெயர் கொடுத்த பொறியியலாளர் காட்ஃப்ரி ஹவுன்ஸ்ஃபீல்ட், சி.டி.யை உருவாக்கியதற்காக 1979-இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டவர்.

சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. எண்கள் −1000-இலிருந்து 3000 வரை நாலாயிரம் போல இருக்கின்றன. சாதாரணத் திரை காட்டக்கூடிய சாம்பல் நிறங்களோ 256. நாலாயிரத்தையும் அதற்குள் அடைத்தால் கொழுப்பும் தசையும் கண்ணுக்கு ஒன்றாகிவிடும். அதனால் எண்வரிசையில் ஒரு துண்டை மட்டும் எடுத்து, எல்லாச் சாம்பல் நிறங்களையும் அந்தத் துண்டுக்கே கொடுக்கிறோம். அதற்குக் கீழே உள்ளதெல்லாம் முழுக் கறுப்பு, மேலே உள்ளதெல்லாம் முழு வெள்ளை. இதைத்தான் விண்டோ என்கிறோம். W துண்டின் அகலம், L அதன் நடுப்புள்ளி.

உங்கள் ஃபிலிமின் ஓரத்தைக் கொஞ்சம் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். நுரையீரல் படத்தில் W 1500 L -600 போல ஏதாவது இருக்கும். அப்படியென்றால் அந்தப் படம் −1350-இலிருந்து 150 வரை காட்டுகிறது. மென்திசுப் படத்தில் W 400 L 40 போல இருந்தால் −160-இலிருந்து 240 வரை. எலும்புப் படம் W 2000 L 500 என்றால் −500-இலிருந்து 1500 வரை. இடத்துக்கு இடம் எண்கள் கொஞ்சம் மாறும்.

இப்போது அம்மாவின் புள்ளிக்கு வருவோம். அது −600 என்று வைத்துக்கொள்ளுங்கள். நுரையீரல் படத்தில் அது கறுப்புக்கும் வெள்ளைக்கும் சரி நடுவே விழுகிறது. சுற்றியுள்ள −850 அதைவிடக் கறுப்பு. அதனால் புள்ளி தெளிவாக எழும்பி நிற்கிறது. மென்திசுப் படத்தில் −160-க்குக் கீழே எல்லாமே கறுப்பு, எலும்புப் படத்தில் −500-க்குக் கீழே எல்லாமே கறுப்பு. புள்ளியும் அதைச் சுற்றியுள்ள நுரையீரலும் ஒரே கறுப்பில் கரைந்துவிட்டன. லண்டன் டொக்டருக்குப் போனது இந்த இரண்டில் ஒன்றாக இருந்தால், அவர் உண்மையைத்தான் சொன்னார்.

தசைபோலக் கெட்டியான முடிச்சு 30 அளவில் இருக்கும். அது மென்திசுப் படத்திலும் தெரிய வேண்டும். தெரியாமல் போவதற்கு இரண்டு காரணங்களை முதலில் நினைப்பேன். ஒன்று, முடிச்சு கண்ணாடியில் படிந்த ஆவிபோல மங்கலான வகை. உள்ளே இன்னும் காற்று இருக்கிறது. மற்றது, ஃபிலிமில் போட்ட வெட்டு, அதாவது ஒரு படம் காட்டும் உடல் துண்டு, தடித்தது. 5 மி.மீ. தடிப்பான வெட்டு முடிச்சின் விளிம்பை மட்டும் தொட்டுப் போனால், ஒரே கட்டத்தில் பாதி முடிச்சும் பாதி காற்றும் சேர்ந்து, 30-க்கும் −850-க்கும் நடுவாக −410 என்று பதிவாகும். மென்திசுப் படத்தில் அதுவும் கறுப்புத்தான், எலும்புப் படத்தில் ஏறக்குறையக் கறுப்பு. இரண்டில் எது என்பதை 1 மி.மீ. வெட்டுகளைப் பார்த்தால்தான் சொல்ல முடியும்.

ஆனால் நுரையீரல் படத்தை மட்டும் பார்த்தாலும் போதாது. அங்கே 150-க்கு மேலே எல்லாமே ஒரே வெள்ளை. பழைய காசநோயின் தழும்பில் சுண்ணாம்பு படிந்திருந்தால் அது 200-ஐத் தாண்டலாம், ஆனால் கெட்டியான சாதாரண முடிச்சிலிருந்து அதை அந்தப் படத்தில் பிரித்தறிவது கஷ்டம். அதற்கு மற்ற இரண்டு படங்களும் வேண்டும். அளவு விஷயத்தில் மட்டும் நுரையீரல் படமே சரி: விளிம்பு மெதுவாக மங்கும் முடிச்சு மென்திசுப் படத்தில் சிறுத்துத் தெரியும். போன தரம் ஒரு விண்டோவிலும் இந்தத் தரம் மற்றதிலும் அளந்தால், வளராத முடிச்சு வளர்ந்ததுபோல இருக்கும். அந்தப் பயத்தோடு வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

சரி, என்ன செய்வது? ஃபிலிமையோ ஃபோனில் எடுத்த படத்தையோ அனுப்பாதீர்கள். ஃபிலிம் அச்சான நேரத்திலேயே எண்கள் போய்விட்டன. முழுக் கறுப்பான இடத்தை எவ்வளவு வெளிச்சமாக்கினாலும் புள்ளி திரும்பி வராது. ஸ்கான் எடுத்த இடத்தில் இறுவட்டு கேளுங்கள், அதில் எண்களை அப்படியே வைத்திருக்கும் DICOM கோப்புறையை முழுதாக அண்ணாவுக்கு அனுப்புங்கள். Weasis போன்ற இலவச மென்பொருளில் திறந்து, மென்திசுப் படங்களின் தொடரிலேயே Lung என்ற விண்டோ அமைப்பைத் தெரிவுசெய்தால், கறுப்பாக இருந்த நுரையீரலுக்குள் இரத்தக் குழாய்கள் கிளைகிளையாகத் தோன்றுவதை நீங்களே பார்க்கலாம்.

அப்படிப் பார்த்தாலும் அது நுரையீரல் தொடரைப்போலக் கூர்மையாக இராது. நுரையீரல் தொடர் வேறு கணக்கில், விளிம்புகளைக் கூர்மையாக்கி உருவாக்கப்பட்டது. அதனால்தான் இறுவட்டில் பல தொடர்கள் இருக்கும். அதைப் பார்த்துப் பல தரம் ஸ்கான் செய்ததாக நினைக்க வேண்டாம். முடிச்சைத் தேடவும் அளவெடுக்கவும் கூர்மையான தொடர் நல்லது. HU பார்க்க மென்மையான தொடர்தான் வேண்டும். கூர்மையாக்கும்போது விளிம்பு எண்கள் உயர்ந்தும் தாழ்ந்தும் போகின்றன. மருந்து ஊசி போட்டு ஸ்கான் எடுத்திருந்தால் அதையும் டொக்டருக்குச் சொல்லுங்கள், மருந்தும் HU-ஐ உயர்த்தும்.

இறுவட்டு வாங்கும்போது 1 மி.மீ. வெட்டுகள் அதில் இருக்கின்றனவா என்று கட்டாயம் கேளுங்கள். 5 மி.மீ. மட்டும் இருந்தால், மெல்லியதாக மீண்டும் உருவாக்கித் தரச் சொல்லுங்கள். அம்மா திரும்பவும் போய்ப் படுக்கத் தேவையில்லை. ஆனால் அதற்கான மூலத் தரவு இயந்திரத்தில் கொஞ்ச நாள்தான் நிற்கும், அப்புறம் புது நோயாளிகளின் தரவுக்காக அழிந்துவிடும். ஸ்கான் எடுத்து ஒரு கிழமை ஆகிவிட்டது. நாளைக் காலையிலேயே தொலைபேசி எடுத்துக் கேளுங்கள்.