ப்ரொபேஷனை நீட்டித்து லெட்டர் வந்திருக்கிறது, என்ன செய்வது?

"அண்ணா, பர்மிங்ஹாமில் ஒரு ஸ்ட்ரக்சுரல் டிசைன் கம்பெனியில் சேர்ந்து ஆறு மாதம் ஆகிறது. ஸ்கில்டு வொர்க்கர் விசா. கன்ஃபர்மேஷன் வரும் என்று நினைத்திருந்தேன். மூன்று மாதம் ப்ரொபேஷனை நீட்டித்து லெட்டர் கொடுத்துவிட்டார்கள். ட்ராயிங் தாமதமாகிறது, செக்கிங்கில் ஒரே மாதிரித் தப்பு திரும்பத் திரும்ப வருகிறது, மீட்டிங்கில் பேசுவதில்லை என்று மூன்று குறை எழுதியிருக்கிறார்கள். வெளியே அனுப்பத்தான் இதெல்லாமா? விசா என்ன ஆகும்? கையெழுத்துப் போடலாமா?"

தம்பி, முதலில் விசா. ப்ரொபேஷன் நீட்டிப்பதால் விசாவுக்கு ஒன்றும் ஆகாது. அதே வேலை, அதே சம்பளம், அதே ஆபீஸ் என்றால் ஹோம் ஆபீஸுக்குக் கம்பெனி சொல்ல வேண்டிய விஷயமே இது இல்லை. ஒன்றை மட்டும் சரிபார். ப்ரொபேஷன் முடிந்ததும் சம்பளம் உயரும் என்று உன் காண்ட்ராக்டில் இருந்து, உன் ஸ்பான்சர்ஷிப் சான்றிதழில் அந்த உயர்ந்த தொகையைப் போட்டிருந்தால், எச்.ஆரிடம் உடனே கேள். சான்றிதழில் உள்ளதைவிடக் குறைவான சம்பளத்தில் தொடர்வது அவர்களுக்கும் சிக்கல்தான்.

வேலையே போனால் கதை வேறு. கம்பெனி 10 வேலை நாளுக்குள் ஹோம் ஆபீஸுக்குத் தெரிவிக்க வேண்டும். அதன்பின் ஹோம் ஆபீஸ் உன் விசாவைக் குறைத்துக் கடிதம் அனுப்பும். வழக்கமாக 60 நாள் கிடைக்கும். அதற்குள் வேறு ஸ்பான்சர் கிடைத்து விண்ணப்பித்துவிட வேண்டும். இது தெரிந்திருந்தால் போதும், இப்போதே இதை நினைத்துத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளாதே.

இந்த மாதிரி லெட்டர் எழுதும் பக்கத்திலும் நான் இருந்திருக்கிறேன், அதனால் சொல்கிறேன். ப்ரொபேஷனில் இருப்பவரை அனுப்ப வேண்டுமென்றால் பெரும்பாலான காண்ட்ராக்டில் ஒரு வார நோட்டீஸ் போதும். அது சுலபம். நீட்டிப்பதுதான் வேலை: மேனேஜர் குறைகளுக்கு உதாரணம் தேட வேண்டும், எச்.ஆர். அதைத் திருப்பி அனுப்பும், பிறகு மூன்று மாதம் வாராவாரம் உன்னோடு உட்கார வேண்டும். அனுப்பத்தான் போகிறோம் என்று முடிவெடுத்தவர் இவ்வளவு மெனக்கெடுவது அபூர்வம். முகத்துக்கு நேரே சொல்லத் தயங்கி, முடிவைத் தள்ளிப்போடும் மேனேஜர்களும் உண்டு, இல்லை என்று சொல்லமாட்டேன். உன்னுடையவர் எந்த ரகம் என்பது லெட்டரைப் படித்தாலே தெரிந்துவிடும்.

எப்படி? குறை என்ற இடத்தில் எந்த வேலை, எந்தத் தேதி, என்ன விளைவு என்று இருக்கிறதா பார். "தாமதம்" என்று மட்டும் இருந்தால் அதைச் சரிசெய்யவும் முடியாது, சரிசெய்துவிட்டேன் என்று காட்டவும் முடியாது. "கார் பார்க் வேலையில் ஃபவுண்டேஷன் ட்ராயிங் இரண்டு நாள் தாமதம், முன்கூட்டியே சொல்லவில்லை, கான்ட்ராக்டர் காத்திருந்தார்" என்று இருந்தால் வழி இருக்கிறது. அதில் குறை தாமதத்தைவிட "முன்கூட்டியே சொல்லவில்லை" என்பதில்தான். இங்கே வேலை தள்ளிப்போவது சகஜம். வியாழக்கிழமை முடியாது என்று செவ்வாய்க்கிழமையே சொன்னால் ஆள் மாற்றிக் கொடுப்பார்கள். எப்படியாவது முடித்துவிடலாம் என்று நாம் ராத்திரி உட்கார்ந்து, வியாழன் மாலை கையை விரிக்கும்போதுதான் கோபம் வருகிறது.

இரண்டாவது குறையில் என்ன தப்பு என்று நீ எழுதவில்லை. ஊரிலிருந்து வந்தவர்களிடம் நான் அதிகம் பார்ப்பது பார் பெண்டிங் ஷெட்யூல்தான். அங்கே ஐ.எஸ். 2502 பழகிய கை, இங்கே பி.எஸ். 8666. வளைவின் வடிவத்துக்கு இங்கே எண் உண்டு: நேர்க்கம்பி 00, யு வடிவம் 21, மூடிய லிங்க் 51. நீளத்தை 25 மி.மீ.யின் மடங்காக மேல்நோக்கி முழுமையாக்க வேண்டும். இன்னொரு வழக்கமான தப்பு, ட்ராயிங்கைத் திருத்திவிட்டு ஷெட்யூலையும் ரிவிஷன் எழுத்தையும் மாற்றாமல் விடுவது. செக்கர் சிவப்பு மையில் குறித்துத் திருப்பிய தாள்கள் எல்லாவற்றையும் எடு, எந்தத் தப்பு எத்தனை முறை வந்திருக்கிறது என்று கணக்குப் போடு. நாலைந்து வகைதான் இருக்கும். அதையே ஒரு பக்கச் செக்லிஸ்ட்டாக்கி, ஒவ்வொரு ட்ராயிங்கோடும் நிரப்பி அனுப்பு. இந்தத் தாள்கள்தான் ரிவ்யூ அன்று உனக்கு ஆதாரம்.

மூன்றாவதற்கு பேச்சாளர் ஆகச் சொல்லவில்லை. வாராந்திர மீட்டிங்கில் உன் வேலை எங்கே நிற்கிறது, எது தடையாக இருக்கிறது என்று இரண்டு வாக்கியம், கேட்பதற்கு முன்னால் சொல்லிவிடு. போதும்.

அப்புறம் உதவி என்ற பகுதி. "தொடர்ந்து ஆதரவளிப்போம்" என்று மட்டும் எழுதியிருந்தால் அது வெறும் மரியாதைக்கு. யார், எவ்வளவு நேரம், எத்தனை நாளுக்கு ஒருமுறை என்று இருக்க வேண்டும். வாரம் அரைமணி நேரம் மேனேஜரோடு, முதல் மாதம் செக்கருக்குப் போகும் முன் ஒரு சீனியர் பார்ப்பார் என்பது போல. இல்லையென்றால் நீயே கேள், கேட்பது தப்பில்லை. காலண்டர் அழைப்பையும் நீயே அனுப்பு. ஒவ்வொரு சந்திப்புக்குப் பிறகும் என்ன பேசினோம், அடுத்த வாரம் என்ன என்று மூன்று வரி மெயில் போடு. மேனேஜர் இரண்டு வாரம் தொடர்ந்து ரத்து செய்தால், "இந்த வாரமும் நடக்கவில்லை, வேறு நேரம் தர முடியுமா" என்று மெயில். குற்றம் சாட்டும் தொனி வேண்டாம். சொன்ன உதவி கிடைக்கவில்லை என்பது எழுத்தில் இருந்தால், கடைசி நாளில் உன் வாய்ச்சொல்லை மட்டும் நம்பியிருக்க வேண்டாம்.

தேதியில் மூன்று விஷயம் பார். நீட்டிப்பு லெட்டர் பழைய ப்ரொபேஷன் முடிவதற்கு முன்பே உன் கைக்கு வந்ததா, நீட்டிக்கலாம் என்று காண்ட்ராக்டில் இருக்கிறதா என்பது ஒன்று. தேதி தாண்டி வந்திருந்தால் நீ கன்ஃபர்ம் ஆகிவிட்டாய் என்று வாதாடலாம். ஆனால் அதில் கிடைப்பது பெரும்பாலும் நீளமான நோட்டீஸ் காலம்தான், அதற்காக இப்போது சண்டை போடாதே. புதிய ரிவ்யூ எந்தத் தேதி என்று தெளிவாக இருக்கிறதா என்பது இரண்டாவது. ஆறாவது வாரம் போல நடுவில் ஒரு ரிவ்யூ இருக்கிறதா என்பது மூன்றாவது. இல்லையென்றால் அதைக் கட்டாயம் கேட்டு வாங்கு. எது சரியாகவில்லை என்று அங்கே தெரிந்தால் இன்னும் ஆறு வாரம் கையில் இருக்கும்.

கையெழுத்துப் போடலாம். பெரும்பாலும் அது பெற்றுக்கொண்டேன் என்பதற்கு மட்டும்தான். "ஒப்புக்கொள்கிறேன்" என்று வாசகம் இருந்து, ஒரு குறை உண்மையிலேயே தவறாக இருந்தால், கையெழுத்துப் போட்டு இரண்டு மூன்று நாளுக்குள் தனி மெயிலில் அந்த ஒன்றை மட்டும் தேதியோடு திருத்து. மூன்றையும் மறுத்து நீளமாக எழுதினால் ஒன்றையும் கேட்கமாட்டார்கள். குறைகளுக்குப் பின்னால் உடல்நலப் பிரச்சினையோ, குடும்பத்தில் கர்ப்பம் மாதிரி விஷயமோ இருந்தால் இப்போதே எச்.ஆரிடம் சொல். உன் உடல்நலப் பிரச்சினை ஈக்வாலிட்டி சட்டம் 2010-இன்படி இயலாமை என்ற வரையறைக்குள் வந்தால், அதில் உள்ள பாதுகாப்புக்கு இத்தனை வருட சர்வீஸ் வேண்டும் என்ற நிபந்தனை கிடையாது.

இந்த மூன்று மாதத்தில் ஊருக்கு டிக்கெட் போட்டிருந்தால் காண்ட்ராக்டைப் பார்த்துவிட்டு மேனேஜரிடம் பேசு. சில இடங்களில் நீண்ட விடுப்பு எடுத்த நாள்களை ப்ரொபேஷனோடு சேர்த்துவிடுவார்கள், ரிவ்யூ தேதியும் தள்ளிப்போகும். சி.வி.யைப் புதுப்பித்து வை. வேறு கம்பெனி கிடைத்தால் அவர்கள் புதிய ஸ்பான்சர்ஷிப் சான்றிதழ் தந்து, நீ விசாவுக்குப் புதிதாக விண்ணப்பித்து, அனுமதி வந்த பிறகுதான் அங்கே சேர முடியும். அதனால் இங்கே ராஜினாமாவை அவசரப்பட்டுக் கொடுத்துவிடாதே.